காபித் தூளும் கம்பெனி செய்திக்குறிப்பும்: உங்கள் குரலில் எழுதுவது எப்படி?

கேள்வி: நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். ஊர்ச் சாப்பாடு, காபி, ஏற்காடு என்று என் பக்கத்தில் எழுதுகிறேன். ஏற்காட்டில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு காபி நிறுவனம், புது ஃபில்டர் காபித் தூள் பற்றிய செய்திக்குறிப்பையும் இரண்டு பாக்கெட் தூளையும் அனுப்பி, "உங்க ஸ்டைல்ல, நீங்களே தோட்டத்துக்கு வந்து பார்த்த மாதிரி எழுதுங்க, பணம் தர்றோம்" என்றது. அக்டோபர் முதல் வாரத்தில் எழுதி அனுப்பினேன். "நாலு இடத்தில் நாங்கள் சொல்லாததைச் சொல்லியிருக்கிறீர்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் எதையும் சேர்க்கவில்லை, மொழியை மட்டும்தான் மாற்றினேன். அவர்கள் நடையிலேயே எழுதினால் என் வாசகர்கள் படிக்க மாட்டார்கள். என்ன செய்வது அக்கா? செய்திக்குறிப்பு, என் வரைவு, பாக்கெட்டின் படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: செய்திக்குறிப்பையும் வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கையில் பென்சிலோடு படித்தேன். உங்கள் நடை நன்றாக இருக்கிறது. டிகாக்‌ஷன் இறங்குவதைப் பற்றி எழுதிய பத்தியை இரண்டு தடவை படித்தேன். ஆனாலும் நிறுவனம் சொன்னது சரிதான். நாலு இடத்தில் தகவல் மாறியிருக்கிறது. அவர்கள் சொல்லாமல் விட்ட ஐந்தாவது இடமும் ஒன்று உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் வேண்டுமென்று எதையும் சேர்க்கவில்லை என்பதை நம்புகிறேன். இந்த வேலையில் பிழை நுழைவது பெரும்பாலும் கழிப்பதில்தான். செய்திக்குறிப்பு வறட்சியாகத் தெரிவதற்குக் காரணமே அதில் இருக்கும் "வரை", "ஒரு பகுதி", "எதிர்பார்க்கப்படுகிறது", "ஒப்பிடுகையில்" மாதிரியான சின்னச் சொற்கள். சொந்த நடையில் எழுத உட்கார்ந்தால் முதலில் கை தட்டிவிடுவது அவற்றைத்தான். வாக்கியம் உடனே உயிரோடு தெரியும். ஆனால் அந்தச் சொற்கள்தான் கூற்றின் அளவைச் சொல்கின்றன. நிறுவனத்தின் ஆட்கள் அவற்றை யோசித்துத்தான் போட்டிருப்பார்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. நிறுவனத்தின் தாளில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் படிப்பவர் "இது கம்பெனி சொல்வது" என்று மனதில் கழித்துக்கொண்டுதான் படிப்பார். அதே வரியை நீங்கள் சொன்னால் அந்தக் கழிவு போய்விடும். அஸ்தம்பட்டியில் இருக்கும் ஒரு பெண், குடித்துப் பார்த்தவர், சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வார். எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்தாலும் உங்கள் வாயில் அந்த வரி கனம் கூடிவிடுகிறது. அதனால் நிறுவனம் எவ்வளவு நிதானமாகச் சொன்னதோ, நீங்கள் அதைவிட ஒரு பிடி அதிக நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சரி, உங்கள் வரைவுக்கு வருவோம்.

செய்திக்குறிப்பில் "சேர்வராயன் மலையில் 1,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த எங்கள் தோட்டங்கள்" என்று இருக்கிறது. நீங்கள் "5,000 அடி உயரத்தில் விளைந்த காபி" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஏற்காடு ஊர் ஏறக்குறைய 1,500 மீட்டரில் இருக்கிறது, அதாவது 5,000 அடிக்குக் கொஞ்சம் குறைவு. சேலத்துக்காரர்கள் எல்லோருக்கும் வாயில் வருகிற எண் அது. ஆனால் தோட்டங்கள் ஊருக்குள் இல்லை, மலைச்சரிவெங்கும் பல உயரங்களில் பரவிக் கிடக்கின்றன. 1,200 மீட்டர் என்பது 3,900 அடி சொச்சம். உங்கள் பொது அறிவில் இருந்த ஓர் எண் செய்திக்குறிப்பின் எண்ணைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. உள்ளூர் விஷயம் எழுதும்போது இந்த ஆபத்து அதிகம். நமக்குத் தெரிந்த இடம் என்பதால் சரிபார்க்கத் தோன்றாது. அடிக்கு மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் "ஏறக்குறைய 4,000 அடிக்கு மேல்" என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால் மீட்டரிலேயே விட்டுவிடுவேன்.

அடுத்தது "ஆர்கானிக் காபி". இதுதான் உங்கள் வரைவில் இருக்கும் பெரிய பிழை. செய்திக்குறிப்பு சொல்வது: "தோட்டத்தின் ஒரு பகுதி இயற்கை வேளாண்மைக்கு மாறும் காலத்தின் இரண்டாம் ஆண்டில் உள்ளது." ரசாயன உரம், பூச்சிமருந்து போட்டுவந்த நிலம் ஒரே நாளில் ஆர்கானிக் ஆகிவிடாது. நம் நாட்டின் இயற்கை வேளாண்மைச் சான்றளிப்பு விதிப்படி, காபி, மிளகு மாதிரி பல வருஷம் நிற்கும் பயிருக்கு மாற்றக் காலம் பொதுவாக 3 ஆண்டுகள். அந்தக் காலம் முடியும்வரை, தோட்டக்காரர் ஒரு சொட்டு மருந்துகூட அடிக்காமல் இருந்தாலும், அந்த விளைச்சலை ஆர்கானிக் என்று விற்க முடியாது. அதோடு மாறுவது தோட்டத்தின் ஒரு பகுதிதான். உங்களுக்கு வந்த பாக்கெட்டில் இருக்கும் கொட்டை அந்தப் பகுதியில் விளைந்தது என்று செய்திக்குறிப்பில் எங்கேயும் சொல்லவில்லை. ஆக நிலமும் இன்னும் ஆர்கானிக் ஆகவில்லை, பாக்கெட்டுக்கும் அந்த நிலத்துக்கும் தொடர்பு இருப்பதாகவும் தெரியவில்லை. இந்த இரண்டு இடைவெளியையும் "ஆர்கானிக்" என்ற ஒரு சொல் மூடிவிட்டது.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள ரொம்ப தூரம் போக வேண்டாம், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சான்று பெற்ற இயற்கை உணவுப் பொருளில் அதற்கான அரசு முத்திரை இருக்க வேண்டும். உங்கள் பாக்கெட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் இருக்கிறது, அந்த முத்திரை இல்லை. நிறுவனம் நேர்மையாகத்தான் நடந்திருக்கிறது. அவர்கள் கவனமாக விட்ட ஒரு சொல்லை நீங்கள் அவர்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள். அப்படியே வெளியாகியிருந்தால் சிக்கல் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பாக்கெட்டைத் திருப்பியபோதே அடுத்ததும் கண்ணில் பட்டது. நீங்கள் "கலப்பே இல்லாத சுத்தமான ஏற்காட்டுக் காபி" என்கிறீர்கள். செய்திக்குறிப்பில் "சேர்வராயன் அராபிகா கொட்டைகளைக் கொண்டு தயாரான ஃபில்டர் காபித் தூள்" என்றுதான் இருக்கிறது. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் காபி 70 சதவீதம், சிக்கரி 30 சதவீதம். சிக்கரி சேர்ப்பது குற்றமே இல்லை. காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தை லேபிளில் அச்சிட வேண்டும் என்பதுதான் விதி. நிறுவனம் இரண்டையும் செய்திருக்கிறது. சேலத்தில் பல வீடுகளில் சிக்கரி கலந்த தூள்தான். ஆனால் அதைச் சுத்தமான காபி என்று சொல்ல முடியாது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது, மெதுவாகப் படியுங்கள். செய்திக்குறிப்பில் பொய் எதுவும் இல்லை. சிக்கரி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, அவ்வளவுதான். அதை மட்டும் வைத்து எழுதுபவர், சொல்லாமல் விட்ட இடத்தைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வார். அதனால் செய்திக்குறிப்போடு லேபிளையும் சேர்த்தே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் இருப்பது சட்டப்படி அவர்கள் பொறுப்பேற்றுச் சொல்வது. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் லேபிள் பக்கம் நில்லுங்கள்.

உங்கள் டிகாக்‌ஷன் பத்தியிலும் இதே விஷயம் ஒளிந்திருக்கிறது. "இரண்டாவது டிகாக்‌ஷனிலும் நிறமும் கெட்டியும் குறையவில்லை, மலைக்காபியின் வீரியம் அது" என்று முடித்திருக்கிறீர்கள். முதல் பாதி நீங்கள் கண்ணால் பார்த்தது, யாரும் மறுக்க முடியாது. இரண்டாம் பாதி அதற்கு நீங்கள் கற்பித்த காரணம். 30 சதவீதம் சிக்கரி இருக்கும் தூளில் நிறத்துக்கும் கெட்டிக்கும் சிக்கரிக்கு நல்ல பங்கு உண்டு. டிகாக்‌ஷன் கருப்பாக, கனமாக இறங்கட்டும் என்றுதானே சிக்கரி சேர்க்கிறார்கள்? பார்த்ததை எழுதுங்கள், காரணத்தை விட்டுவிடுங்கள். அனுபவம் உங்களுடையது என்பதால் அதற்குச் சொல்லும் காரணமும் தானாகச் சரியாகிவிடாது.

இப்போது தண்ணீர். செய்திக்குறிப்பின் வரி இது: "செப்டம்பரில் நிறுவப்பட்ட புதிய பல்பிங் இயந்திரத்தால், பழச்சதை நீக்கும் பணியில் தண்ணீர்ப் பயன்பாடு முந்தைய முறையோடு ஒப்பிடுகையில் 60 சதவீதம் வரை குறையும் என்று எதிர்பார்க்கப்படுகிறது." உங்கள் வரி: "இவர்கள் தண்ணீர்ச் செலவை 60 சதவீதம் குறைத்துவிட்டார்கள்." படிக்க உங்களுடையதுதான் சுகமாக இருக்கிறது. ஆனால் நாலு விஷயம் காணாமல் போய்விட்டது. குறைவது மொத்தத் தண்ணீர்ச் செலவு அல்ல, ஒரு கட்டத்துக்கு ஆகும் தண்ணீர். ஒப்பிடுவது அவர்களுடைய பழைய முறையோடு, மற்ற தோட்டங்களோடு அல்ல. 60 என்பது உச்சம், 20 சதவீதம் குறைந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. கடைசியாக, இன்னும் எதுவும் குறையவில்லை.

அந்தக் கடைசி விஷயம் எனக்கு எப்படித் தெரியும்? பருவத்தைப் பாருங்கள். ஏற்காட்டில் அராபிகா பறிப்பு நவம்பர் வாக்கில் சூடு பிடித்து பிப்ரவரி வரை போகும். பழம் பறித்த அன்றே பல்பிங் செய்தாக வேண்டும், வைத்தால் கெட்டுவிடும். செப்டம்பரில் இயந்திரத்தை நிறுவியிருக்கிறார்கள், அக்டோபர் முதல் வாரத்துக்குள் செய்திக்குறிப்பு உங்கள் கைக்கு வந்துவிட்டது. ஒரு பருவம்கூட அந்த இயந்திரத்தில் ஓடவில்லை, அளந்து பார்க்கப் பழமே வரவில்லை. அப்படியானால் 60 என்ற எண் பெரும்பாலும் இயந்திரத்தை விற்றவர்கள் கொடுத்ததாகத்தான் இருக்க முடியும். எந்த எண்ணைப் பார்த்தாலும் "இதை எப்போது, யார் அளந்திருக்க முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் பதில் நாட்காட்டியிலேயே கிடைத்துவிடும்.

இந்த மாதிரி இயந்திரங்கள் தண்ணீரை மிச்சப்படுத்துவது உண்மைதான். பழைய முறையில் சதை நீக்கியபின் கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் வழவழப்பு போக தொட்டியில் ஊறப்போட்டு, அப்புறம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். புதிய இயந்திரங்கள் சில அந்த வழவழப்பைத் தேய்த்தே எடுத்துவிடுகின்றன. இதை ஒரு வரியில் விளக்கினாலே உங்கள் வாசகருக்கு விஷயம் புரியும், எண்ணை ஊதிப் பெரிதாக்க அவசியமே இருக்காது. ஆனால் அவர்கள் வாங்கியது அந்த வகைதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வேலையை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். செய்திக்குறிப்பைத் திறந்துவைத்துக்கொண்டு நேராக எழுத ஆரம்பிக்காதீர்கள். ஒரு தாளில் அதில் இருக்கும் கூற்றுகளை மட்டும் வரிசையாக இறக்குங்கள். "பெருமிதத்துடன் அறிமுகப்படுத்துகிறது", "தனித்துவமான நறுமணம்" போன்றவற்றில் சரிபார்க்க ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் நேராக எதைப் பற்றி, எவ்வளவு, எப்போது, யார் சொன்னது என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரிக்கு என் தாளில் இப்படி இருக்கும்: "பல்பிங் தண்ணீர் மட்டும். பழைய முறையைவிட. 60 வரை. இனிமேல். யார் கணக்கு? கேட்க வேண்டும்." உங்கள் இரண்டு பக்கச் செய்திக்குறிப்பில் மொத்தம் ஏழெட்டுக் கூற்றுகள்தான் தேறும். பிறகு செய்திக்குறிப்பை மூடிவைத்துவிட்டு, தாளைப் பார்த்து எழுதுங்கள். அப்போது அவர்களுடைய வாக்கிய அமைப்பு உங்கள் காதில் ஒலிக்காது, உங்கள் நடை தானாக வரும். தகவல் தாளில் பத்திரமாக இருக்கும்.

தாளில் கேள்விக்குறி விழுந்தவற்றை ஒரே மின்னஞ்சலாக நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 60 சதவீதம் யாருடைய கணக்கு, இந்தப் பாக்கெட்டில் உள்ள காபிக் கொட்டை முழுக்க உங்கள் தோட்டத்துடையதா, என்ன வகை இயந்திரம் என்று மூன்றே கேள்விகள். போனில் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். எழுதி முடித்த வரைவை அவர்களுக்குக் காட்டும்போதும், தகவல் சரியா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ருசி பற்றிய உங்கள் அபிப்பிராயத்தில் கை வைக்க அவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

"அவர்கள் நடையிலேயே எழுதினால் படிக்க மாட்டார்கள்" என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். வரம்புச் சொற்கள் எல்லாம் அலுவலகத் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? "எதிர்பார்க்கப்படுகிறது" என்பதை "என்று நம்புகிறார்கள்" என்று சொல்லலாம். "வரை" என்பதை "நன்றாக ஓடினால் அதிகபட்சம் இவ்வளவு" என்று விரிக்கலாம். "குறையுமாம்" என்றால் அடுத்தவர் சொன்னது என்று தெரிந்துவிடும். ஆனால் அந்த "ஆம்" வரிக்கு வரி வந்தால் நீங்கள் நம்பாமல் நக்கல் செய்வது போல ஆகிவிடும், ஒன்றிரண்டு இடத்தோடு நிறுத்துங்கள். செய்திக்குறிப்பில் வரும் நிர்வாக இயக்குநரின் மேற்கோளை மட்டும் தொடாதீர்கள். மேற்கோள் குறிக்குள் இருந்தால் அவர் வார்த்தை அப்படியே இருக்க வேண்டும். பேச்சு நடைக்கு மாற்ற ஆசைப்பட்டால் குறியை எடுத்துவிட்டு, அவர் சொன்னதின் சாரத்தை உங்கள் வாக்கியமாக எழுதுங்கள்.

உற்சாகத்தை எங்கே கொட்டுவது என்றால், உங்களுக்குச் சொந்தமான வரிகளில். அடுப்படி, வீட்டு ஃபில்டர், அம்மா அப்பாவின் பேச்சு, எதை முதலில் சொல்வது, எதை விடுவது எல்லாம் உங்கள் இஷ்டம். உங்கள் வரைவில் இருந்த சொற்களையே முடிந்தவரை வைத்துக்கொண்டு ஒரு பகுதியை எழுதிப் பார்த்தேன்:

"விளம்பரம். இந்தப் பதிவுக்கு நிறுவனம் பணம் தருகிறது, இரண்டு பாக்கெட் தூளும் அவர்கள் இலவசமாக அனுப்பியது.

எங்கள் வீட்டுப் பித்தளை ஃபில்டரில் முதல் டிகாக்‌ஷன் இறங்க அரை மணி நேரம் ஆனது. மேல் டப்பாவைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பொறுமை போய்விட்டது. இறங்கிய பிறகு நல்ல கருப்பு. இரண்டாவது டிகாக்‌ஷனிலும் நிறம் விடவில்லை. அம்மா 'கசப்பு கம்மியா இருக்கு' என்றார். அப்பாவுக்கு அதுதான் குறை.

இது காபி 70, சிக்கரி 30 கலந்த தூள். சிக்கரியே ஆகாது என்பவர்களுக்கு இது சரிவராது. காபிக் கொட்டை சேர்வராயன் மலையில் 1,200 மீட்டருக்கு மேல் இருக்கும் அவர்களுடைய சொந்தத் தோட்டங்களில் விளைந்த அராபிகா என்கிறார்கள். ஆர்கானிக்கா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. தோட்டத்தின் ஒரு பகுதியை அந்த வழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், இது இரண்டாவது வருஷம்.

எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. காபிப் பழத்தின் சதையை நீக்க நிறையத் தண்ணீர் வேண்டும். செப்டம்பரில் அதற்குப் புது இயந்திரம் போட்டிருக்கிறார்கள். பழைய முறையைவிட அந்த வேலைக்கு ஆகும் தண்ணீர் 60 சதவீதம் வரை குறையும் என்று எதிர்பார்க்கிறார்கள். பறிப்பு இனிமேல்தான், உண்மையில் எவ்வளவு குறைகிறது என்பது இந்தப் பருவம் முடிந்தால் தெரியும்."

இதில் செய்திக்குறிப்பின் வாசனை இருக்கிறதா பாருங்கள். "இன்னும் இல்லை" என்ற இரண்டு சொல் உங்கள் வாசகருக்கு எவ்வளவு நம்பிக்கை தரும் என்று யோசியுங்கள். "சொந்தத் தோட்டங்களில் விளைந்த" என்ற வரி மட்டும் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் வந்த பிறகே நிற்கலாம். செய்திக்குறிப்பில் இருப்பது "கொட்டைகளைக் கொண்டு தயாரான" என்ற சொல், அதில் வெளிக்கொட்டையும் கலந்திருக்க இடம் இருக்கிறது. அப்படிக் கலந்திருந்தால் "பெரும்பாலும்" என்றோ அவர்கள் சொல்லும் விகிதத்தையோ போடுங்கள்.

மேலே "விளம்பரம்" என்று போட்டதைப் பார்த்துத் தயங்காதீர்கள். இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021 ஜூன் 14 முதல் இதைக் கேட்கிறது. பணம் மட்டுமல்ல, இலவசமாக வந்த பொருளும் கணக்கில் சேரும். படித்தவுடன் கண்ணில் படும் இடத்தில், பதிவின் மொழியிலேயே இருந்தால் போதும். கீழே இருபது ஹேஷ்டேகுக்கு நடுவில் ஒளித்துவைத்தால் செல்லாது.

சட்டமும் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அதே பிரிவில், விளம்பரத்தில் உள்ள கூற்று உண்மையா என்று உரிய கவனத்தோடு சரிபார்த்தவர் மேல் அபராதம் விழாது என்றும் இருக்கிறது. மேலே சொன்ன கூற்றுத் தாளும் மின்னஞ்சலும் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். நீங்கள் கேட்டதற்கும், அவர்கள் பதில் சொன்னதற்கும் அவைதான் சான்று. இரண்டையும் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் வையுங்கள்.

இப்போது ஐந்தாவது இடம். "பனி மூட்டத்துக்கு நடுவே தோட்டத்தில் நடந்தேன், சிவந்த பழங்கள் கொத்துக் கொத்தாய்க் குலுங்கின" என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுவனம் கேட்டபடி எழுதினீர்கள், அவர்களும் அதைத் திருத்தவில்லை. இருந்தாலும் வரைவில் முழுப் பொய் இது ஒன்றுதான். மற்ற நாலிலும் உண்மை கொஞ்சம் வீங்கியிருக்கிறது. இங்கே நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறீர்கள். 2022 ஜூனில் வந்த மத்திய அரசின் விளம்பர வழிகாட்டு நெறிமுறையும், பரிந்துரை என்பது அதைச் செய்பவரின் உண்மையான கருத்தாக, போதிய தகவலையோ அனுபவத்தையோ அடிப்படையாகக் கொண்டதாக இருக்க வேண்டும் என்கிறது. நிறுவனம் சொல்லித்தான் எழுதினேன் என்பது பதிலாகாது. கீழே இருப்பது உங்கள் பெயர்.

விவரம் தெரிந்தவர் கண்ணுக்கு அது உடனே மாட்டிக்கொள்ளும் என்பதும் உண்மை. அக்டோபர் முதல் வாரத்தில் அங்கே அராபிகா பழம் பெரும்பாலும் பச்சையாகத்தான் இருக்கும். நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ தோட்டத்தில் வேலை செய்கிறவர் ஒருவர் உங்கள் பதிவைப் படித்தால் அந்த ஒரு வரியிலேயே நீங்கள் போகவில்லை என்று தெரிந்துகொள்வார். அப்புறம் சிக்கரி பற்றி நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர் நம்ப மாட்டார்.

பத்தியை எடுத்துவிடுங்கள், அல்லது போய்வாருங்கள். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் போய், 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். நிறுவனத்திடம் "பார்த்த மாதிரி எழுத மாட்டேன், பார்த்துவிட்டு எழுதுகிறேன்" என்று சொல்லுங்கள். மறுக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. முடிந்தால் நவம்பர் கடைசியில், பல்பிங் நடக்கும் ஒரு நாளில் போங்கள். பறித்த பழம் மாலையில்தான் இயந்திரத்துக்கு வரும், அதனால் அன்று மட்டும் மத்தியானத்துக்கு மேல் கிளம்புங்கள். இயந்திரத்துக்குள் விழும் தண்ணீர், வெளியே தள்ளும் சதை, ஈரத்தோடு வரும் கொட்டை, அதன் மேல் இருக்கும் வழவழப்பு எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். நான் மேலே எழுதிக் காட்டியதைவிட நல்ல பத்தி உங்களுக்கு அங்கேயே கிடைக்கும், அதில் ஒரு வார்த்தையையும் யாரிடமும் சரிபார்க்க வேண்டியிருக்காது.

பதிவை அதற்கு முன்பே போட்டுவிட்டால், எழுதிய தேதியை மேலேயே குறித்துவிடுங்கள். பிப்ரவரி கடைசியில் அவர்களிடம் தண்ணீர்க் கணக்கைக் கேளுங்கள். எண் வந்தால், அது 60 ஆக இருந்தாலும் 25 ஆக இருந்தாலும், பழைய வரியை அழிக்காமல் அதன் கீழே புதிய தேதியோடு சேர்த்துவிடுங்கள்.